ஃபைல் வந்துவிட்டது, ஆனால் வந்து முடியவில்லை

"தம்பி, நேத்து தெற்கு மண்டல விற்பனை பாதிதான் ஏறியிருக்கு" என்று கணக்குப் பிரிவு மேடம் காலையிலேயே கூப்பிட்டார். உடனே போய்ப் பார்த்தேன். டேட்டாபேஸில் 36,409 வரிகள் இருந்தன. ஆர்க்கைவ் ஃபோல்டரைத் திறந்து, அந்த ராத்திரி வந்த ஃபைலை எண்ணிப் பார்த்தால் 72,004 வரிகள். லாகில் ஒரு பிழைகூட இல்லை, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் எழுதியிருந்தது. "ஃபைல் முழுசாத்தான் இருக்கு மேடம், ஏத்துறப்போ ஏதோ ஆயிருக்கு" என்று சொல்லிவிட்டு, அதே ஃபைலைத் திரும்ப ஓடவிட்டேன். இந்தத் தடவை 72,004 வரிகளும் ஏறின.

ஃபைல் முழுசாக இருக்கிறது, புரோகிராம் பிழை சொல்லவில்லை, ஆனால் பாதி டேட்டா இல்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்குமே டேட்டாபேஸ் மேல்தான் சந்தேகம் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது, இரண்டு வாரம் டேட்டாபேஸ் பக்கமே தேடிக்கொண்டிருந்தேன். உண்மையில் டேட்டாபேஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அனுப்புகிறவர் ஃபைலை எழுதி முடிப்பதற்கு முன்பே எங்கள் புரோகிராம் அதை எடுத்துப் படித்துவிட்டது. ஃபோல்டர் வழியாக ஃபைல் பரிமாறிக்கொள்ளும் எந்த அமைப்பிலும் இது நடக்கும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஏன் நடக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படித் தடுப்பது என்று முழுசாகச் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் எங்கள் அமைப்பு எப்படி இருந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான இடங்களில் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு மண்டலத்திலும் ஒரு கம்ப்யூட்டர், அன்றைய விற்பனையை ஒரு சிஎஸ்வி ஃபைலாக எழுதி, ராத்திரி எஸ்எஃப்டிபி வழியாகத் தலைமை அலுவலக சர்வரில் `inbox` என்ற ஃபோல்டரில் போடும். இப்படி ஒருவர் போட, இன்னொருவர் எடுத்துக்கொள்ளும் இடத்தைத்தான் டிராப் ஃபோல்டர் என்கிறோம். எங்கள் பக்கம் `cron` நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு சின்ன ஸ்கிரிப்டை எழுப்பிவிடும். அது செய்வது இவ்வளவுதான்:

```
for f in /data/inbox/*.csv; do
  load_sales "$f" && mv "$f" /data/archive/
done
```

ஃபோல்டரில் இருக்கும் சிஎஸ்வி ஒவ்வொன்றையும் எடு, டேட்டாபேஸில் ஏற்று, நல்லபடியாக முடிந்தால் ஆர்க்கைவுக்கு நகர்த்து. படிக்கிறவர்களுக்கு இதில் தப்பு எதுவும் தெரியாது. ஆனால் ஒரு விஷயத்தை இது கேட்காமலே நம்பிக்கொள்கிறது. ஃபோல்டரில் பெயர் தெரிந்தால் ஃபைல் முழுசாக வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது.

அது உண்மையில்லை. ஒரு புரோகிராம் புதிதாக ஒரு ஃபைலைத் திறந்த அந்தக் கணத்திலேயே, ஒரு எழுத்துகூட எழுதுவதற்கு முன்னால், அதன் பெயர் ஃபோல்டரில் தெரிய ஆரம்பித்துவிடும். அப்போது அதன் அளவு 0 பைட். அப்புறம் டேட்டா துண்டு துண்டாக வந்து சேரச் சேர ஃபைல் வளரும். ஓபன்எஸ்எஸ்எச்சின் `sftp` என்றால் பல பதிப்புகளில் ஒரு துண்டு 32,768 பைட். இப்படி வளர்ந்துகொண்டிருக்கும்போது நடுவில் யாராவது அதைத் திறந்து படித்தால், அதுவரை வந்ததைப் படித்துவிட்டு "ஃபைல் முடிந்தது" என்ற பதில்தான் கிடைக்கும். "இன்னும் வருகிறது, கொஞ்சம் பொறு" என்று ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்லாது. ஒரு ஃபைல் எழுதி முடிக்கப்பட்டதா இல்லையா என்று குறித்துவைக்க ஃபைல் சிஸ்டத்தில் இடமே கிடையாது. பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, கடைசியாக மாறிய நேரம் இருக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் எங்கள் லாகில் பிழை இல்லை. படித்த புரோகிராமைப் பொறுத்தவரை அந்த ஃபைல் 36,409 வரியுள்ள ஒரு முழு ஃபைல்.

விண்டோஸில் வேலை செய்கிறவர்களுக்கு இதில் கொஞ்சம் வேறு அனுபவம் இருக்கும். அங்கே எழுதுகிற புரோகிராம் ஃபைலை மற்றவர்களோடு பகிராமல் திறந்திருந்தால், படிக்கப் போகிறவருக்கு `The process cannot access the file because it is being used by another process` என்று வந்து நின்றுவிடும். லினக்ஸில் அப்படி யாரும் தடுக்க மாட்டார்கள், எழுதும்போதே படிக்கலாம், நகர்த்தலாம், அழிக்கக்கூடச் செய்யலாம்.

சரி, பாதிதான் படித்தது என்றால் ஆர்க்கைவில் மட்டும் எப்படி முழு ஃபைல் இருந்தது? என்னை இரண்டு வாரம் சுற்றவைத்தது இந்தக் கேள்விதான். லினக்ஸில் ஃபைலின் பெயர் வேறு, ஃபைல் வேறு. பெயர் என்பது ஃபோல்டரில் எழுதிவைத்த ஒரு குறிப்பு, அது உள்ளே இருக்கும் உண்மையான ஃபைலைக் காட்டுகிறது. எழுதுகிற புரோகிராம் திறக்கும்போது மட்டும்தான் பெயரைப் பார்க்கும். திறந்தபிறகு நேராக அந்த ஃபைலையே பிடித்துக்கொள்ளும், பெயரை மறுபடி பார்க்காது. தண்ணீர் பிடிக்கும்போது ஹோஸ் பைப் குடத்துக்குள் மாட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், குடத்தை இரண்டடி தள்ளிவைத்தாலும் தண்ணீர் அதே குடத்தில்தான் விழும். எங்கள் ஸ்கிரிப்ட் பாதி ஃபைலைப் படித்து, ஏற்றி, `mv` கொடுத்து ஆர்க்கைவுக்குத் தள்ளியது. எஸ்எஃப்டிபி சர்வரோ பிடித்த ஃபைலை விடாமல் மீதி டேட்டாவை அதிலேயே எழுதிக்கொண்டிருந்தது. `inbox`-உம் `archive`-உம் ஒரே டிஸ்க் பார்ட்டிஷனில் இருந்ததால் நகர்ந்தது பெயர் மட்டும்தான். காலையில் நான் போய்ப் பார்க்கும்போது ஆர்க்கைவில் ஃபைல் முழுசாக நிரம்பியிருந்தது.

இதை நம்புவதற்குக் கஷ்டமாக இருந்தால் உங்கள் லினக்ஸ் கம்ப்யூட்டரிலேயே ஒரு நிமிடத்தில் செய்து பார்க்கலாம். ஒரு டெர்மினலில் இதைக் கொடுங்கள், நொடிக்கு ஒரு வரி வீதம் இருபது வரி எழுதும்:

```
mkdir -p inbox archive
(for i in $(seq 1 20); do echo "row $i"; sleep 1; done) > inbox/a.csv
```

ஐந்தாறு நொடி கழித்து, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதே ஃபோல்டரில் இன்னொரு டெர்மினலைத் திறந்து:

```
wc -l inbox/a.csv
mv inbox/a.csv archive/
```

வரி எண்ணிக்கை ஐந்தோ ஆறோ ஏழோ வரும். முதல் டெர்மினல் எந்தப் புகாரும் சொல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அது முடிந்ததும் `wc -l archive/a.csv` கொடுத்துப் பாருங்கள், 20 என்று வரும். யாரோ நகர்த்தியபிறகும் ஃபைல் வளர்ந்திருக்கிறது. எங்கள் சர்வரில் ராத்திரி நடந்தது அப்படியே இதுதான்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. இந்தச் சிக்கலுக்கு நிறையப் பேர் முதலில் யோசிக்கும் தீர்வு, "படிப்பதற்கு முன்னால் ஃபைலை `processing` என்று வேறொரு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு அப்புறம் படிக்கலாம்" என்பது. நானும் இதை முயற்சி செய்தேன். இரண்டு ஸ்கிரிப்டுகள் ஒரே ஃபைலை எடுத்துவிடாமல் இருக்க அது உதவும், அதற்காக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாதி ஃபைல் சிக்கலை அது தொடக்கூட இல்லை. குடத்தை எங்கே வைத்தாலும் ஹோஸ் அதற்குள்தான் இருக்கிறது.

நாங்கள் கடைசியில் எப்படிக் கண்டுபிடித்தோம் என்றால், ஆர்க்கைவ் ஃபைலின் நேரத்தைப் பார்த்து. `mv` கொடுத்தால் ஃபைலின் உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம் மாறாது, அது கடைசியாக எழுதப்பட்ட நேரமாகவே இருக்கும். லாகில் அந்த ஃபைலை ஏற்ற ஆரம்பித்தது 22:30:01. ஆர்க்கைவில் `stat -c %y` கொடுத்தால் 22:30:06. படிக்க ஆரம்பித்து ஐந்து நொடி கழித்துத்தான் அந்த ஃபைலில் கடைசி எழுத்து எழுதப்பட்டிருக்கிறது. இதற்குமேல் சாட்சி வேண்டாம். ஒரு எச்சரிக்கை, வின்எஸ்சிபி போன்ற சில விண்டோஸ் மென்பொருள்கள் அனுப்பி முடித்ததும் மூல ஃபைலின் பழைய நேரத்தையே இங்கேயும் போட்டுவிடும், அப்போது இந்தச் சோதனை எதுவும் காட்டாது.

இரண்டாவது தடயம் படித்த அளவு. இதற்காகவே ஸ்கிரிப்டில் "எத்தனை பைட் படித்தேன்" என்று லாகில் எழுதும் ஒரு வரியைச் சேர்த்திருந்தோம், அதில் 1,310,720 என்று வந்தது. அதை 32,768-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 40 வருகிறது. எழுதி முடித்த ஃபைலின் அளவு இப்படித் துண்டின் கணக்கில் சரியாக வந்து நிற்பது அபூர்வம். நடுவில் பிடித்த ஃபைல் பெரும்பாலும் இப்படித்தான் நிற்கும். எஸ்எஃப்டிபி இல்லாமல் அதே கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் எழுதுகிறது என்றால் 4,096-இன் மடங்கா என்று பாருங்கள், பல புரோகிராம்கள் அந்த அளவிலோ அதன் மடங்கிலோ சேர்த்துவைத்துத்தான் எழுதும்.

மூன்றாவது தடயம்தான் என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது. ஃபைலில் ஒரு வரி இப்படி இருக்கும், கடைசியில் இருப்பது தொகை:

```
KD07,221507,88213,P00871,12,1450.00
```

டேட்டாபேஸில் ஏறியிருந்த கடைசி வரிக்குத் தொகை 14 ரூபாய். துண்டு முடிந்த இடம் அந்த எண்ணின் நடுவில் விழுந்திருக்கிறது:

```
KD07,221507,88213,P00871,12,14
```

ஆறு பத்திகள், கடைசிப் பத்தியில் ஒரு எண், எந்தப் பரிசோதனையும் இதைத் தடுக்காது. வெட்டு இன்னும் நாலைந்து எழுத்து முன்னால் விழுந்திருந்தால் பத்தி குறைகிறது என்று புரோகிராம் கத்தியிருக்கும், நாங்களும் முதல் நாளே பிடித்திருப்போம். பாதி வரிகள் காணாமல் போனது மொத்தத்தைப் பார்க்கிறவர் கண்ணில் படுகிறது, மேடம் அப்படித்தான் பிடித்தார். 1450 ரூபாய் 14 ஆனது யார் கண்ணில் படும்? அதனால் ஒரு சின்னப் பழக்கமாக, ஃபைலின் கடைசி எழுத்து புதுவரிக் குறியா என்று மட்டுமாவது எப்போதும் பாருங்கள். அதில் முடியாத ஃபைலை ஏற்றாதீர்கள். இது முழுப் பாதுகாப்பு இல்லை, வெட்டு சரியாக ஒரு வரியின் முடிவில் விழுந்தால் தப்பிவிடும், ஆனால் இந்த 14 ரூபாய் போன்றதைப் பிடித்துவிடும்.

இது ஏன் சோதனை செய்தபோது வரவில்லை, ஏன் ஒரு வருடம் நன்றாக ஓடிவிட்டுத் திடீரென்று வந்தது என்று மேனேஜர் கேட்டார், நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். அந்த மண்டலத்தின் இணைப்பில் நொடிக்குச் சுமார் 250 கேபி போகும். ஆரம்பத்தில் அவர்கள் அனுப்பிய ஃபைல் 200 கேபி, போய்ச் சேர 0.8 நொடி. எங்கள் ஸ்கிரிப்ட் நிமிடத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிறது. அந்த ஒரு பார்வை இந்த 0.8 நொடிக்குள் விழ வேண்டும் என்றால் வாய்ப்பு 60-இல் 0.8, அதாவது 75 ராத்திரிக்கு ஒரு தடவை. கடைகள் கூடின, ஃபைல் 2.6 எம்பி ஆனது, போய்ச் சேர பத்து நொடிக்கு மேல் ஆகிறது, வாய்ப்பு ஆறில் ஒன்றாகிவிட்டது. அலுவலகத்துக்குள்ளேயே சோதித்தபோது அதே ஃபைல் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து சேர்ந்ததால் எத்தனை தடவை சோதித்தாலும் மாட்டவே மாட்டாது. இன்னொன்று, இரண்டு பக்கமும் `cron` என்றால் இந்தக் கணக்குகூடப் பொருந்தாது. இரண்டும் நிமிடத்தின் தொடக்கத்திலேயே ஓடுவதால் தினமும் மோதலாம், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் மயிரிழையில் தப்பிக்கொண்டே இருக்கலாம்.

இப்போது தீர்வுக்கு வருவோம். முதலில் எல்லோரும் செய்வது அளவைப் பார்ப்பது. ஃபைலின் அளவைக் குறித்துக்கொள், பத்து நொடி பொறு, மறுபடி பார், மாறவில்லை என்றால் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள். அனுப்புகிறவரிடம் எதையும் மாற்றச் சொல்ல முடியாத இடத்தில் இதைச் செய்யத்தான் வேண்டியிருக்கும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இது ஊகம்தான். நெட்வொர்க் பதினைந்து நொடி திணறினால் உங்கள் பத்து நொடிக் காத்திருப்பு தோற்றுவிடும். காத்திருப்பை ஐந்து நிமிடம் ஆக்கினாலும் தீராத ஒரு நிலைமை இருக்கிறது. இணைப்பு நடுவில் அறுந்துபோனால் பாதி ஃபைல் அப்படியே கிடக்கும், அதன் அளவு இனி எப்போதும் மாறாது. ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தாலும் அது "முடிந்த" ஃபைல்தான்.

கொஞ்சம் அனுபவமுள்ளவர்கள் `lsof` வைத்து யாராவது ஃபைலைத் திறந்துவைத்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். இல்லாவிட்டால் லினக்ஸின் `inotify` வசதியில் `IN_CLOSE_WRITE` என்ற நிகழ்வுக்குக் காத்திருப்பார்கள், எழுதத் திறந்த ஃபைலை மூடும்போது அது வரும். அளவைப் பார்ப்பதைவிட இது நல்லதுதான், ஃபைல் உருவானதும் வரும் `IN_CREATE` நிகழ்வைப் பிடித்துப் படிப்பதைவிடப் பல மடங்கு நல்லது. ஆனால் இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்று இங்கேயும் யோசியுங்கள். எஸ்எஃப்டிபி சர்வர் புரோகிராம் முடிந்துபோகும், அது திறந்துவைத்திருந்த ஃபைலை கர்னல் மூடிவிடும், `IN_CLOSE_WRITE` நல்ல பிள்ளையாக வந்து நிற்கும். உங்கள் புரோகிராம் பாதி ஃபைலைச் சந்தோஷமாக ஏற்றிவிடும். மூடப்பட்டது என்பதும் முடிக்கப்பட்டது என்பதும் ஒன்றில்லை. தவிர, ஃபோல்டர் என்எஃப்எஸ் வழியாக நெட்வொர்க்கில் பகிரப்பட்டிருந்து, எழுதுகிறவர் வேறொரு கம்ப்யூட்டரில் இருந்தால் இந்த இரண்டு வழியுமே அவரைப் பார்க்காது.

இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே குறைதான், வாங்குகிறவர் வெளியிலிருந்து ஊகிக்கிறார். முடிந்துவிட்டதா என்பது அனுப்புகிறவருக்கு மட்டும்தான் தெரியும், அவர்தான் சொல்ல வேண்டும். சொல்வதற்கு இருக்கும் மிக எளிய வழி, முதலில் வேறு பெயரில் எழுதிவிட்டு, முடிந்தபிறகு உண்மையான பெயரை வைப்பது. `sftp`-யில் இரண்டே வரி:

```
put sales_south.csv sales_south.csv.part
rename sales_south.csv.part sales_south.csv
```

இதை ஒரு ஃபைலில் எழுதி `sftp -b` கொடுத்து ஓடவிட்டால், `put` தோற்றதுமே மீதியை ஓட்டாமல் நின்றுவிடும், அதனால் பாதி ஃபைலுக்கு நல்ல பெயர் கிடைக்கவே கிடைக்காது. வாங்குகிற ஸ்கிரிப்ட் `*.csv` மட்டும்தான் தேடுகிறது, `.part` அதன் கண்ணில் படாது. பெயர் மாற்றம் ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் ஒரே அடியில் நடக்கும் வேலை. பார்க்கிறவருக்கு ஒன்று பழைய பெயர் தெரியும், இல்லை புதுப் பெயர் தெரியும், பாதி மாறிய நிலை என்று ஒன்று கிடையாது. ஃபைல் எத்தனை ஜிபி இருந்தாலும் இதில் வித்தியாசமில்லை, ஏனென்றால் டேட்டா எதுவும் நகர்வதில்லை, அந்தப் பெயர்க் குறிப்பு மட்டும்தான் மாறுகிறது. முன்னால் எங்களைக் குழப்பிய அதே குணம் இங்கே நமக்கு உதவுகிறது.

இது புது யோசனை இல்லை. மெயில் சர்வர்களில் இருக்கும் மெயில்டிர் அமைப்பு, டேனியல் பெர்ன்ஸ்டைன் கியூமெயிலுக்காகக் கொண்டுவந்தது, ஒவ்வொரு மெயிலையும் முதலில் `tmp` ஃபோல்டரில் எழுதி முடித்துவிட்டுத்தான் `new` ஃபோல்டருக்குக் கொண்டுபோகும். `rsync` இயல்பாகவே புள்ளியில் தொடங்கும் ஒரு மறைவுப் பெயரில் எழுதிவிட்டுக் கடைசியில் பெயரை மாற்றும். முன்னால் சொன்ன அந்த விண்டோஸ் மென்பொருள், திரையில் `WinSCP` என்று வருமே, அது பெரிய ஃபைல்களை `.filepart` என்ற வாலோடு எழுதும். `lftp`-யில் `xfer:use-temp-file` என்று ஒரு அமைப்பு இருக்கிறது. ஓபன்எஸ்எஸ்எச்சின் `sftp` மட்டும் நேராக உண்மையான பெயரிலேயே எழுதும், அதனால்தான் மேலே அந்த இரண்டு வரியை நாமே எழுத வேண்டியிருந்தது.

இதில் தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, வாங்குகிறவர் `*.csv` என்று தேடாமல் `sales*` என்றோ, ஃபோல்டரில் இருக்கும் எல்லாவற்றையுமோ எடுப்பது. அனுப்புகிறவர் ஒழுங்காகத் தற்காலிகப் பெயர் வைத்திருப்பார், இங்கே அதையும் சேர்த்து அள்ளிவிடுவார்கள். எங்கள் பழைய ஸ்கிரிப்ட் ஒன்றில் இப்படித்தான் இருந்தது. மற்றது கொஞ்சம் மறைவானது. அதே சர்வரில் ஓடும் ஒரு புரோகிராம் "தற்காலிகமாக எழுதத்தான் `/tmp` இருக்கிறதே" என்று அங்கே எழுதி, முடிந்ததும் `mv` கொடுத்து `inbox`-க்குக் கொண்டுவரும். `/tmp` பல சர்வர்களில் வேறு ஃபைல் சிஸ்டம். ஒரு ஃபைல் சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் பெயரை மட்டும் மாற்ற முடியாது, அதனால் `mv` உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஃபைலை நகலெடுத்துவிட்டுப் பழையதை அழிக்கும். அந்த நகலெடுப்பு உண்மையான பெயரிலேயே, துண்டு துண்டாக, `inbox`-க்குள் நடக்கிறது. சுற்றி வந்து அதே குழியில் விழுகிறோம். பைத்தானில் `shutil.move`-உம் இதையேதான் செய்யும். `os.rename` மட்டும் `Invalid cross-device link` என்று பிழை சொல்லி நின்றுவிடும், இந்த வேலைக்கு அப்படி நிற்பதுதான் நல்லது. தற்காலிக ஃபைலை அதே ஃபோல்டரிலோ, அதே பார்ட்டிஷனில் பக்கத்து ஃபோல்டரிலோ எழுதுங்கள்.

எல்லா அனுப்புநரும் பெயர் மாற்ற முடியாது. சில இடங்களில் எழுதும் உரிமை மட்டும் கொடுத்திருப்பார்கள், பெயர் மாற்றும் உரிமை இருக்காது. அங்கே வழக்கமாகச் செய்வது, ஃபைல் போய் முடிந்ததும் அதன் பெயரோடு `.done` சேர்த்து ஒரு காலி ஃபைலை அனுப்புவது. வாங்குகிறவர் `.done` வரும்வரை சிஎஸ்வியைத் தொடமாட்டார். இதுவும் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் வரிசை முக்கியம். அனுப்பும் மென்பொருள் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஃபைல்களை அனுப்பக்கூடியது என்றால், 0 பைட் `.done` ஒரு நொடியில் போய் உட்கார்ந்துவிடும், 2.6 எம்பி சிஎஸ்வி பின்னால் வந்துகொண்டிருக்கும். அதே மாதிரி, தினமும் ஒரே பெயரில் ஃபைல் வரும் என்றால் நேற்றைய `.done` இன்னும் அங்கேயே கிடக்கிறதா என்று பாருங்கள். பெயரில் தேதியைச் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பெயர் மாற்றம் செய்த பிறகும் எங்களுக்கு ஒரு தடவை பாதி ஃபைல் வந்தது. இந்தத் தடவை ஆர்க்கைவிலும் பாதிதான். விசாரித்தால், மண்டல அலுவலகக் கம்ப்யூட்டரில் விற்பனை மென்பொருள் ஒரு ஃபோல்டரில் சிஎஸ்வியை எழுதுகிறது, அனுப்பும் ஸ்கிரிப்ட் அந்த ஃபோல்டரிலிருந்து எடுத்து அனுப்புகிறது. அதாவது அங்கேயும் ஒரு டிராப் ஃபோல்டர். விற்பனை மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கும்போதே அனுப்பும் ஸ்கிரிப்ட் எடுத்துவிட்டது, பாதி ஃபைலை முழு ஒழுங்கோடு அனுப்பி, முறையாகப் பெயரும் மாற்றிவிட்டது. ஒரு ஃபைல் எத்தனை கை மாறுகிறதோ அத்தனை இடத்திலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

அதனால் ஃபைலுக்குள்ளேயே அதன் முடிவை எழுதச் சொல்லிக் கேட்டோம். இப்போது கடைசி வரி இப்படி வருகிறது, மொத்தம் எத்தனை வரி, தொகையின் கூட்டல் எவ்வளவு என்று:

```
T,72004,38215560.50
```

ஏற்றுவதற்கு முன்னால் கடைசி வரி `T` என்று தொடங்குகிறதா, எண்ணிக்கையும் கூட்டலும் நாம் எண்ணியதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறோம், இல்லாவிட்டால் ஒரு வரிகூட ஏற்றுவதில்லை. மூலத்தில் எங்கே வெட்டுப்பட்டாலும் இந்த வரி காணாமல் போய்விடும், ஏனென்றால் இது கடைசியில் இருக்கிறது. வங்கிகள் இதை எப்போதோ செய்துவிட்டன. அமெரிக்காவின் ஏசிஎச் பணப்பரிமாற்ற ஃபைல்களில் ஒவ்வொரு வரியும் 94 எழுத்து, முடிவில் 9 என்று தொடங்கும் ஒரு வரியில் எத்தனை பதிவுகள், பற்று எவ்வளவு, வரவு எவ்வளவு என்று மொத்தக் கணக்கும் இருக்கும். எண்ணிக்கையை முதல் வரியில் போடலாமே என்று ஒருவர் கேட்டார். போடலாம், அதுவும் உதவும், ஆனால் எழுதி முடிப்பதற்கு முன்பே எண்ணிக்கை தெரிந்திருக்க வேண்டும், நிறைய மென்பொருள்களுக்கு அது தெரியாது.

பெயர் மாற்றமும் கடைசி வரியும் இரண்டும் வேண்டுமா என்றால், என் கருத்தில் வேண்டும், இரண்டும் வெவ்வேறு வேலை செய்கின்றன. பெயர் மாற்றம் இருந்தால் பாதி ஃபைல் நம் கைக்கே வராது, வீணாக எதையும் நிறுத்தித் திரும்ப ஓட்ட வேண்டியதில்லை. கடைசி வரி இருந்தால், நமக்குத் தெரியாத ஏதோ ஒரு கையில் வெட்டுப்பட்டு வந்தாலும் டேட்டாபேஸுக்குள் போகாது. ஒன்றைத்தான் கேட்டு வாங்க முடியும் என்றால் கடைசி வரியைக் கேளுங்கள், பாதி ஃபைல் வந்தால் சோதனை தோற்கும், அடுத்த நிமிடம் `cron` வந்து பார்க்கும்போது ஃபைல் முழுசாக இருக்கும், தானாகவே சரியாகிவிடும். தோற்ற ஃபைலை மட்டும் ஆர்க்கைவுக்கோ வேறெங்கேயுமோ நகர்த்தாமல் அங்கேயே விட்டுவையுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. `.part` முறைக்கு மாறிய பிறகு இணைப்பு அறுந்த ஃபைல்கள் யாரும் தொடாமல் `inbox`-இலேயே கிடக்கும். அவற்றைக் கவனிக்க ஒரு வரி போதும், ஒரு மணி நேரத்துக்கு மேலாக எதுவும் எழுதப்படாத `.part` ஃபைல்களைக் காட்டும்:

```
find /data/inbox -name '*.part' -mmin +60
```

தினமும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இதை ஓடவிட்டு, ஏதாவது வந்தால் எங்களுக்கு மெயில் வரும்படி வைத்திருக்கிறோம். வந்த ஃபைலைப் பெயர் மாற்றி ஏற்றுவதில்லை, அந்த மண்டலத்துக்குப் போன் செய்து திரும்ப அனுப்பச் சொல்கிறோம். வைத்த முதல் வாரத்திலேயே இரண்டு மெயில் வந்தது, இரண்டும் ஒரே மண்டலம், இரண்டும் இணைப்பு அறுந்தவை. பழைய ஸ்கிரிப்டாக இருந்திருந்தால் இரண்டையும் ஏற்றிவிட்டு, நல்லபடியாக முடிந்தது என்று லாகில் எழுதியிருக்கும்.